ஸ்பெக் லிஸ்டில் பத்து ஐட்டம், கேப்ஷனில் மூன்று வரி

கேள்வி: சின்ன ஊரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். புது லேப்டாப் வந்தால் டீலர் அனுப்புகிற ஸ்பெக் லிஸ்டை அப்படியே இன்ஸ்டாவில் போடுகிறேன். "எவ்வளவு?" என்பதைத் தவிர யாரும் எதுவும் கேட்பதில்லை. சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி நாலு வரியில் எப்படி எழுதுவது?

பதில்:

"எவ்வளவு?" என்று மட்டும் கேட்கிறார்கள் என்றால், அந்த லிஸ்டில் அவர்களுக்குப் புரிந்தது விலை இல்லை என்பது ஒன்றுதான். அதனால் முதலில் விலையைப் போட்டுவிடுங்கள். "விலைக்கு மெசேஜ் செய்யவும்" என்று எழுதினால் பாதிப் பேர் அது தங்களுக்குக் கட்டாது என்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள். இது என் பன்னிரண்டு வருடக் கவுண்டர் அனுபவம். சரி, விஷயத்துக்கு வருவோம்.

டீலரிடமிருந்து வாட்ஸ்அப்பில் வரும் வரி கிட்டத்தட்ட இப்படி இருக்கும். இந்த ஒன்றையே வைத்துக் கடைசிவரை செய்து பார்ப்போம்.

```
i5-1335U / 16GB (8+8) DDR4 / 512GB NVMe
15.6" FHD IPS 250nits 45% NTSC / 50Wh / 65W Type-C
1.65kg / BL KB / W11H+MSO / 1Y Onsite
```

இதைத் தமிழில் மொழிபெயர்ப்பதுதான் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். "16 ஜிபி ராம், அதிவேகம்! 512 ஜிபி எஸ்எஸ்டி, மின்னல் வேகம்!" என்று எழுதுவார்கள். எல்லாக் கடையும் இதையேதான் எழுதுகிறது. நாற்பதாயிரம் ரூபாய் மெஷினும் மின்னல், எண்பதாயிரம் ரூபாய் மெஷினும் மின்னல். படிப்பவருக்கு எதுவும் பதியாது.

ஒவ்வொரு ஐட்டத்தையும் எடுத்து, "அதனால எனக்கென்ன?" என்று வாங்க வருகிறவர் குரலில் கேட்டுப் பாருங்கள். கேட்கப்போனால் உடனே ஒரு சிக்கல் வரும்: "எனக்கு" என்பது யார்? அதைத் தீர்மானிக்காமல் பதில் வராது. 50 வாட்-அவர் பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். காலேஜ் போகும் பையனுக்கு அது, வகுப்பில் பிளக் பாயிண்ட் தேடி அலைய வேண்டாம் என்பது. மளிகைக் கடையில் டேலி போடுகிறவருக்கு அது, கரண்ட் போனாலும் பாதியில் இருக்கும் பில் போகாது என்பது. வீட்டிலிருந்து எடுக்காமல் மேஜையிலேயே வைத்திருப்பவருக்கு அது ஒன்றுமே இல்லை. பேட்டரி ஒன்றுதான், ஆள் மாறினால் பலன் மாறிவிடுகிறது. அதனால் ஒரு லேப்டாப்புக்கு ஒரு கேப்ஷன் என்று வைக்காதீர்கள். ஒரு ஆளுக்கு ஒரு கேப்ஷன். இதே மெஷினை இந்த வாரம் மாணவருக்கும், அடுத்த வாரம் கணக்கருக்கும் தனித்தனியாகப் போடலாம். யாரும் "போன வாரம் போட்டதுதானே" என்று கேட்கப்போவதில்லை.

முதலில் காலேஜ் மாணவரை எடுத்துக்கொள்வோம். ஜூலை, ஆகஸ்டில் கடைக்குள் நுழைகிறவர்களில் அவர்கள்தான் அதிகம். பிடித்த மாடலைக் காட்டுவது பையன், பணம் கொடுப்பது அப்பா. இரண்டு பேரும் கேப்ஷனைப் படிப்பார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி. இங்கேதான் நான் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு கம்பெனியின் பிரசுரத்தில் "10 மணி நேரம் வரை" என்று இருந்ததை அப்படியே கேப்ஷனில் எழுதினேன். இரண்டாவது வாரம் ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, பொண்ணு ஆன்லைன் கிளாஸ் பார்த்தா மூணரை மணி நேரத்துல நின்னுடுது. நீங்க பத்துனு எழுதினது ஸ்கிரீன்ஷாட் இருக்கு." மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. தப்பு என் வரியில்.

காரணம் எளிது. கம்பெனி சொல்லும் எண் பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து வருவது. அப்படி ஓட்டும்போது மெஷின் மிகக் குறைவாகத்தான் கரண்ட் இழுக்கும். நம் கணக்கு வேறு. நோட்ஸ் டைப் செய்வது, பிடிஎஃப் படிப்பது போன்ற லேசான வேலையில் இந்த மாதிரி மெஷின் சுமாராக 8 வாட் இழுக்கும் என்று வையுங்கள். 50-ஐ 8-ஆல் வகுத்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். கேமரா, மைக், வைஃபை எல்லாம் சேர்ந்து ஓடும் ஆன்லைன் வகுப்பில் அது 15 வாட் வரை போகலாம். அப்போது மூன்றேகால் மணி நேரம். அந்த அப்பா சொன்ன கணக்கும் கிட்டத்தட்ட இதுதான்.

வாட் அளக்கும் கருவியெல்லாம் வேண்டாம். புது மெஷின் ஒன்றை முழுதாக சார்ஜ் செய்து, வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, கடைப் பையனை ஒரு மணி நேரம் சாதாரணமாகப் பயன்படுத்தச் சொல்லுங்கள். 100-லிருந்து 85-க்கு இறங்கியிருந்தால், கணக்குப்படி ஆறரை மணி நேரம் வரும். நீங்கள் ஐந்து என்று எழுதுங்கள். யாரும் பேட்டரியை பூஜ்யம் வரை விடுவதில்லை, ஒரு வருடத்தில் பேட்டரியும் கொஞ்சம் தேயும். ஐந்து என்பதையும் மணியாக எழுதுவதை விட, "காலை வகுப்பு முடியும்வரை" என்று எழுதுவது எனக்குப் பிடிக்கும். அது படிப்பவரின் நாளில் உட்கார்ந்துகொள்கிறது. ஆன்லைன் வகுப்பில் மூன்று மணி நேரம்தான் வந்தாலும் அந்த வாக்கு பொய்யாகாது, ஏனென்றால் நேரில் நடக்கும் வகுப்பைத்தானே சொன்னோம்.

ராம். 16 ஜிபி என்றால் என்ன என்று விளக்கப் போனால் கேப்ஷன் அங்கேயே முடிந்துவிடும். மேஜை பெரியது, அதனால் பல நோட்டை ஒன்றாக விரித்து வைக்கலாம் என்கிற பழைய உவமையும் எல்லோரும் சொல்லித் தேய்ந்துபோனது. நீங்களே செய்து பார்த்ததைச் சொல்லுங்கள். பிரவுசரில் இருபது டேப், ஒரு வேர்ட் ஃபைல், ஒரு வீடியோ கால், ஒரு யூடியூப் பாட்டு. எல்லாவற்றையும் திறந்துவிட்டு டாஸ்க் மேனேஜரில் மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். இன்னும் இடம் இருந்தால் அதையே எழுதுங்கள்: "இருபது டேப், வேர்ட், வீடியோ கால் மூன்றையும் ஒன்றாகத் திறந்து பார்த்தோம், திணறவில்லை." இதில் "பார்த்தோம்" என்பதுதான் முக்கியமான சொல். "ஹேங்கே ஆகாது" என்று எழுதினால் அது உத்தரவாதமாகிவிடும். எந்த மெஷினும் ஒருநாள் ஹேங் ஆகத்தான் செய்யும். அன்றைக்கு உங்கள் பெயர்தான் அடிபடும்.

ஒரு எச்சரிக்கை. இதே மாடலில் 8 ஜிபி வந்தால் கேப்ஷனில் எண்ணை மட்டும் மாற்றி ஒட்டிவிடாதீர்கள். லிஸ்டில் (8+8) என்று இருப்பது இரண்டு ராம் சேர்ந்து வேலை செய்வதைக் குறிக்கிறது. ஒரே ஒரு 8 ஜிபி மட்டும் இருந்தால் இந்த பிராசஸருக்குள் இருக்கும் ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ் வேகம் குறைந்து, விண்டோஸிலும் வெறும் யுஎச்டி கிராஃபிக்ஸ் என்றுதான் காட்டும். "ஐரிஸ்னு போட்டிருந்தீங்க, இங்க வேற காட்டுதே" என்று விவரம் தெரிந்த பையன் ஒருவன் கட்டாயம் வருவான்.

சர்வீஸ். கடைசியில் சின்னதாகக் கிடக்கும் அந்த "1Y Onsite" இருக்கிறதே, அப்பாவுக்கு மொத்த லிஸ்டிலும் அதுதான் பெரிய விஷயம். மெஷினைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டர் இருக்கும் ஊருக்கு பஸ் ஏற வேண்டுமா, இல்லை ஆள் வீட்டுக்கு வருவாரா என்பதுதான் அவர் கேள்வி. ஆன்சைட் என்றால் ஆள் வருவார். ஆனால் எல்லா ஊருக்கும் வருவதில்லை, பின்கோடைப் பார்த்துத்தான் சொல்வார்கள். கம்பெனியின் கஸ்டமர் கேரில் உங்கள் ஊர் பின்கோடையும், பக்கத்து காலேஜ் ஊர்களின் பின்கோடையும் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்து திரை உடைந்தாலோ, தண்ணீர் கொட்டினாலோ சாதாரண வாரண்டியில் வராது. அதையும் கேப்ஷனிலேயே அரை வரியில் சொல்லிவிட்டால் பின்னால் வரும் பெரிய சண்டை ஒன்று மிச்சம். நல்லதை மட்டும் எழுதும் கடைகளுக்கு நடுவில் இப்படி ஒரு அரை வரி மற்ற வரிகளையும் நம்ப வைக்கும்.

மூன்று போதும். மீதி ஐட்டங்களை ஏன் விடுகிறேன் என்றால்:

எஸ்எஸ்டி இப்போது அநேகமாக எல்லாப் புது லேப்டாப்பிலும் இருக்கிறது. எல்லோரிடமும் இருப்பதை இந்த மெஷினின் பெருமையாகச் சொல்ல முடியாது. பழைய ஹார்ட் டிஸ்க் மெஷினை மாற்ற வருபவருக்கு மட்டும் "சுவிட்ச் போட்டு டீயை எடுப்பதற்குள் தயார்" என்று எழுதலாம், அதையும் கைக்கடிகாரத்தில் பார்த்துவிட்டு. 512 என்று எழுதினால் விண்டோஸ் 476 என்றுதான் காட்டும், கம்பெனி எண்ணும் முறை வேறு, விண்டோஸ் எண்ணும் முறை வேறு. "36 ஜிபி எங்கே போச்சு?" என்று கேட்பவருக்குப் பதிலைத் தயாராக வைத்திருங்கள். கேப்ஷனுக்குள் அது வேண்டாம்.

ஐ5-ஐ மொழிபெயர்க்கவே கூடாது என்பது என் கட்சி. அது ஏற்கெனவே ஜனங்களின் சொல்லாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் "ஐ3-ஆ, ஐ5-ஆ?" என்றுதான் கேட்பார். "சக்திவாய்ந்த பிராசஸர்" என்று அதை எளிமைப்படுத்தினால் புரிந்துகொண்டிருந்ததையும் புரியாமல் ஆக்கிவிடுவோம்.

திரையைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன். 250 நிட்ஸ் என்றால் அறைக்குள் போதும், வெயில் விழும் ஜன்னலோரம் மங்கும். 45% என்டிஎஸ்சி என்றால் நிறங்கள் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும். பாடம் படிக்க, சினிமா பார்க்க ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் கல்யாண ஆல்பம் டிசைன் செய்பவர் இதை வாங்கினால், திரையில் ஒரு சிவப்பு, பிரிண்டில் வேறு சிவப்பு என்று தலையில் கைவைப்பார். அவருக்கு இந்த மெஷினுக்குக் கேப்ஷனே எழுதக்கூடாது. இங்கே "கண்ணைக் கவரும் வண்ணங்கள்" என்று எழுதுவது வெறும் மிகை இல்லை, தவறான தகவல். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொய்யான, தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. இன்ஸ்டாவில் போடுவதும் விளம்பரம்தான்.

இனி இடம். இன்ஸ்டாவில் கேப்ஷனுக்கு 2,200 கேரக்டர் வரை விடுவார்கள், ஆனால் ஃபீடில் முதல் இரண்டு வரி, ஏறத்தாழ 125 கேரக்டர்தான் தெரியும். மீதி "more" என்பதைத் தட்டினால்தான். தமிழில் எழுதுபவருக்கு இதில் ஒரு நஷ்டம் உண்டு. நம் கண்ணுக்கு "லேப்டாப்" நான்கு எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது எட்டு, ஏனென்றால் புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். ஆக 125 என்பது தமிழில் பதினைந்து சொல்லைத் தாண்டாது. கடைப் பெயர், வணக்கம், "புதிய வரவு", நாலு தீ எமோஜி என்று ஆரம்பித்தால் அந்தப் பதினைந்தும் அங்கேயே செலவாகிவிடும். யாருக்கு, என்ன பலன், என்ன விலை மூன்றும் அந்த முதல் இரண்டு வரிக்குள் வந்துவிட வேண்டும்.

என் முதல் வரைவு இப்படி இருந்தது:

> 16 ஜிபி ராம் மற்றும் 50 வாட்-அவர் பேட்டரியுடன் கூடிய சிறந்த லேப்டாப், மாணவர்களுக்கு ஏற்றது.

"ஏற்றது" என்கிறது, ஏன் என்று சொல்லவில்லை. "உடன் கூடிய" என்பது நோட்டீஸ் தமிழ், கவுண்டரில் யாரும் அப்படிப் பேச மாட்டோம். எண் முன்னால் வந்து பலன் வரவே இல்லை. திருப்பிப் போட்டேன். பலன் முன்னால், எண் அதற்குச் சாட்சியாகப் பின்னால்:

> காலேஜ் முதல் வருஷமா? காலை வகுப்பு முடியும்வரை சார்ஜர் தேடாமல் ஓடும். ₹54,000
>
> இருபது டேப், வேர்ட், வீடியோ கால் ஒன்றாகத் திறந்து பார்த்தோம், திணறவில்லை (16 ஜிபி ராம்).
>
> முதல் ஒரு வருஷம் ரிப்பேர் என்றால் ஆள் நீங்கள் இருக்கும் இடத்துக்கே வருவார். விழுந்து உடைந்தாலோ, தண்ணீர் கொட்டினாலோ வாரண்டி கிடையாது. உங்கள் பின்கோடைச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.
>
> ஐ5 13ஆம் தலைமுறை | 16 ஜிபி | 512 ஜிபி எஸ்எஸ்டி | 15.6 இன்ச் | 1.65 கிலோ

முதல் வரி எண்பது கேரக்டருக்குள் அடங்குகிறது, தட்டாமலே தெரியும். கடைசியில் ஸ்பெக் வரியை விட்டுவைத்திருப்பதைக் கவனியுங்கள். விவரம் தெரிந்தவர்கள் அதைத் தேடுவார்கள், இல்லாவிட்டால் எதையோ மறைக்கிறோம் என்று நினைப்பார்கள். முழு லிஸ்டை இரண்டாவது படமாகப் போட்டுவிடலாம். எடையைக் கடைசி வரியில் எண்ணாக மட்டும் வைத்திருக்கிறேன். "இறகு போல லேசு" என்றெல்லாம் போனால், சார்ஜரையும் பையில் போட்டு இரண்டு கிலோவை நெருங்கும்போது சிரிப்பார்கள்.

இப்போது அதே மெஷின் கணக்கருக்கு. இங்கே லிஸ்டில் இல்லாத ஒன்றுதான் விற்கும். 15.6 இன்ச் மெஷின்கள் பலவற்றில் கீபோர்டின் வலது பக்கம் தனி நம்பர் பேட் இருக்கும். டீலர் அதை எழுதுவதே இல்லை. டேலியில் நாள் முழுக்க எண் தட்டுபவருக்கு 14 இன்ச்சா 15.6-ஆ என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அதுதான். எல்லா 15.6-லும் இருக்காது, பெட்டியைப் பிரித்துக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதுங்கள்:

> டேலி, ஜிஎஸ்டி வேலையா? வலது பக்கம் தனி நம்பர் பேட், எண் தட்டத் தட்டக் கை தேடாது. ₹54,000
>
> கரண்ட் போனாலும் பாதி பில் போகாது. வேலையை முடித்து சேவ் செய்ய பேட்டரியில் நேரம் இருக்கும்.

ராமைப் பற்றி இங்கே ஒரு சொல் இல்லை. அவருக்கு டேலியும் ஒரு எக்செல் ஃபைலும் திறந்தால் போதும். இருபது டேப் கதை அவருக்கு எதற்கு?

கேப்ஷன் ஒன்றைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. எழுதியதை கம்ப்யூட்டர் தெரியாத ஒருவரிடம் படித்துக் காட்டி, போனை மூடிவிட்டு, "இந்த லேப்டாப் என்ன செய்யும்?" என்று கேளுங்கள். என் வீட்டில் அது என் அத்தை. மாணவர் கேப்ஷனைக் கேட்டுவிட்டு, "சார்ஜ் நிக்குமாம், ரிப்பேர்னா வீட்டுக்கே வருவாங்களாம்" என்றார். ராம் வரி அவர் மனதில் நிற்கவில்லை. அது பையனுக்கான வரி, அதனால் விட்டுவிட்டேன். நல்ல லேப்டாப்பாம் என்று மட்டும் சொல்லியிருந்தால் மறுபடி எழுதியிருப்பேன்.

கடைசியாக, பழைய லேப்டாப்பும் விற்பீர்கள் என்றால், புதுசுக்கு எழுதிய பேட்டரி வரியை அதற்கு ஒட்டாதீர்கள். விண்டோஸ் கமாண்ட் பிராம்ட்டில் இதைத் தட்டினால் ஒரு ரிப்போர்ட் ஃபைல் வரும்:

```
powercfg /batteryreport
```

அதில் `DESIGN CAPACITY` என்பது புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவு, `FULL CHARGE CAPACITY` என்பது இப்போது நிற்பது. முதலாவது 50,000, இரண்டாவது 36,000 என்று இருந்தால் 72 சதவீதம்தான் மிச்சம். புதுசில் ஐந்து மணி நேரம் என்று எழுதியது இதில் மூன்றரை. "பேட்டரி நன்றாக உள்ளது" என்பதற்குப் பதிலாக, "பேட்டரி 72% நிற்கிறது, சுமார் மூன்றரை மணி நேரம், ரிப்போர்ட் படத்தில் இருக்கிறது" என்று எழுதி, அந்த ரிப்போர்ட்டின் ஸ்கிரீன்ஷாட்டையே இரண்டாவது படமாகப் போடுங்கள்.